முதலில் சூடா, வியர்வையா? ஐம்பதை நெருங்கும் பெண்ணின் இரவு வியர்வை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரவில் யாருக்கு வியர்த்தாலும் அதை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. கடற்காற்றின் ஈரம் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த நாட்களில், தலையணை நனைந்திருந்தால் கோடைக்காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். ஆனால் ஜூலை மாதம் வரும்போது அந்தச் சமாதானம் செல்லாது. வெளியே வெப்பநிலை பன்னிரண்டு டிகிரி அளவுக்கு இறங்கியிருக்கும். வீட்டில் எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். அவர்களுக்கு நடுவே நாற்பத்தெட்டு அல்லது நாற்பத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் மட்டும் போர்வையை உதறிவிட்டு, கழுத்தையும் நெஞ்சையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் தமக்கு ஏதோ மாற்றம் நிகழ்கிறது என்பதைக் குளிர்காலத்தில்தான் முதன்முதலாக உணர்கிறார்கள் என்பது, இங்கே ஒரு மருத்துவ நிலையத்தில் பல ஆண்டுகள் செவிலியாகப் பணியாற்றிய எனது அனுபவம்.

அவர்களில் பெரும்பாலோருக்கு அது மாதவிடாய் நிற்கும் காலத்தின் இயல்பான அறிகுறியே. ஆனால் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் இரவில் வியர்க்கிறது என்று சொன்னவுடன், கேட்பவர்கள் எல்லோரும், சில நேரம் மருத்துவரும்கூட, 'வயசு அப்படி' என்று சொல்லி முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. அந்த வியர்வை எந்த வரிசையில் வந்தது என்று கேட்டால், இயல்பானதையும் இயல்பல்லாததையும் பெருமளவுக்குப் பிரித்துவிடலாம். சூடு முதலில் வந்ததா, வியர்வை முதலில் வந்ததா, அல்லது குளிர் முதலில் வந்ததா என்ற கேள்வியைச் சுற்றியே இந்தக் கட்டுரை அமைகிறது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் அந்தத் திடீர்ச் சூட்டை மருத்துவர்கள் 'ஹாட் ஃபிளஷ்' என்கிறார்கள். நம் வீடுகளில் 'குப்பென்று சூடு ஏறுகிறது' என்று சொல்வார்கள். எனக்கு இரண்டாவது சொற்றொடரே பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் வேகமும் இருக்கிறது, ஏறும் திசையும் இருக்கிறது. பெரும்பாலும் நெஞ்சுப் பகுதியில் தொடங்கும் சூடு கழுத்துக்கும், அங்கிருந்து முகத்துக்கும் தலைக்கும் ஏறும். வெளுத்த தோலில் சிவப்பாகத் தெரிவது நம் மாநிறத் தோலில் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த நேரத்தில் கழுத்தில் கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும். கூடவே நெஞ்சு படபடக்கும். பிறகு வியர்வை வரும், அதுவும் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் அதிகமாக வரும். ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிய பிறகு பலருக்கு ஒரு நடுக்கமும் குளிரும் வரும். சற்று முன் உதறிய போர்வையை மறுபடி தேடுவார்கள். முதலில் சூடு, அடுத்து வியர்வை, கடைசியில் குளிர். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

இந்த வரிசை ஏன் இப்படி அமைகிறது என்பதைப் புரிந்துகொள்ள, உடல் தன் வெப்பத்தை எப்படிக் காக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. உடலின் உள்வெப்பம் ஒரு மேல் எல்லையைத் தாண்டினால் அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்க்கச் செய்து, வெப்பத்தை வெளியேற்றும். ஒரு கீழ் எல்லைக்குக் கீழே போனால் தோலுக்குச் செல்லும் ரத்தத்தைக் குறைத்து, நடுங்க வைத்து, வெப்பத்தைச் சேமிக்கும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உடல் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கிற ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள்தான் நம் உள்வெப்பம் நாள் முழுவதும் சிறிது ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கிறது. நாம் அதை உணர்வதே இல்லை.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அந்த இடைவெளி மிகவும் குறுகிவிடுகிறது. ஹைப்போதலாமஸில் ஈஸ்ட்ரோஜனால் அடக்கி வைக்கப்பட்டிருந்த ஒரு நரம்பணுக் கூட்டம், அந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததும் அளவுக்கு மீறிச் செயல்படத் தொடங்கி, வெப்பத்தைக் காக்கும் அமைப்பைத் தூண்டிவிடுவதே இதற்குக் காரணம் என்று இப்போது அறிந்திருக்கிறார்கள். அதனால் முன்பெல்லாம் கவனிக்கப்படாமல் போன சிறு ஏற்றம், ஒரு கோப்பைத் தேநீர் குடித்ததாலோ, கம்பளிக்குள் சுருண்டு படுத்ததாலோ ஒரு டிகிரியில் சிறு பங்கு கூடுவது, இப்போது மேல் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அடுப்பில் ஒன்றும் தீயாதபோதே அலறும் புகை எச்சரிக்கைக் கருவியைப் போல, உடல் தேவையில்லாமல் தன்னைக் குளிர்விக்க இறங்குகிறது. தோலுக்கு ரத்தம் பாய்வதைத்தான் நாம் சூடாக உணர்கிறோம். வியர்வை ஆவியாகி உள்வெப்பத்தை உண்மையிலேயே குறைத்துவிடுவதால், கடைசியில் வரும் குளிர் கற்பனையல்ல. உடல் தேவைக்கு மேல் குளிர்ந்துவிட்டதன் விளைவு அது.

இதிலிருந்து வீட்டிலேயே பயன்படுத்தக்கூடிய ஓர் உண்மை கிடைக்கிறது. ஹாட் ஃபிளஷ் காய்ச்சல் அல்ல. முகம் எரிவது போல இருக்கும் அந்த நிமிடத்தில் வாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அது காய்ச்சலைக் காட்டாது. 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினால், வயது எதுவாக இருந்தாலும் அதற்கு மாதவிடாய் நிற்பது காரணம் அல்ல. வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே விலக்கிவிடலாம். ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருப்பதே சூட்டுக்குக் காரணம் என்றால், பூப்படையாத சிறுமிகளுக்கும் அது வர வேண்டும், வருவதில்லை. பழகிப்போன ஈஸ்ட்ரோஜன் விலகுவதுதான் தொல்லை தருகிறது. அதனால்தான், நோயின் காரணமாக இரண்டு சினைப்பைகளையும் அறுவை செய்து அகற்றிய பெண்ணுக்கு, அவர் முப்பத்தைந்து வயதினராக இருந்தாலும், ஒரு சில நாட்களுக்குள்ளேயே கடுமையான சூடும் வியர்வையும் தொடங்கிவிடுகின்றன.

இது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதே பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி. மாதவிடாய் நின்றுவிட்டது என்பதை நடக்கும் நேரத்தில் சொல்ல முடியாது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு முழுமையாகப் பன்னிரண்டு மாதங்கள் கடந்த பிறகே, திரும்பிப் பார்த்து, அதுதான் கடைசி என்று சொல்லலாம். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியாவில் எடுத்த கணக்குகளில் அதைவிடச் சில ஆண்டுகள் முந்தியே, நாற்பதுகளின் பிற்பகுதியிலேயே, நிகழ்வதாகத் தெரிகிறது. ஆனால் சூடும் வியர்வையும் அதற்காகக் காத்திருப்பதில்லை. மாதவிடாய் முன்னும் பின்னுமாக வரத் தொடங்கும் ஆண்டுகளிலேயே, சிலருக்கு அது ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே, அவை தொடங்கிவிடும். எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு நான் சொல்லும் பதிலைப் பெண்கள் விரும்புவதில்லை. அமெரிக்காவில் பல இனப் பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அடிக்கடி இந்தத் தொல்லை வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்திருந்தது. 'ஆறு மாதம் பொறுத்துக்கொள்' என்று நம் பெரியவர்கள் சொல்வது ஆறுதலுக்காகத்தான்.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறி, மேலே சொன்ன வரிசையில் சூடு வந்தால், அதை உறுதிசெய்ய ஹார்மோன் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. அந்தக் காலத்தில் ஹார்மோன்களின் அளவு வாரத்துக்கு வாரம் மாறுவதால், இன்று எடுத்த முடிவு அடுத்த மாதம் பொய்யாகிவிடும். அந்தப் பரிசோதனைக்குச் செலவிடும் பணத்தைச் சர்க்கரை, தைராய்டு போன்றவற்றைப் பார்க்கச் செலவிட்டால் பயன் அதிகம் என்பது எனது கருத்து. மாதவிடாய் தவறத் தொடங்கியதும் இனிக் கருத்தரிக்க மாட்டோம் என்று நினைப்பதும் தவறு. ஐம்பது வயதைத் தாண்டியவர் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு ஓராண்டும், அதற்குக் குறைந்த வயதினர் இரண்டு ஆண்டுகளும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

பகலில் இது நிகழ்ந்தால் விசிறிக்கொண்டு, ஒரு குவளை நீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இரவில் நிகழும்போதுதான் அது வேறு முகம் காட்டுகிறது. போர்வைக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாததால் வியர்வை பெருகி, இரவு உடையும் படுக்கை விரிப்பும் நனைந்துவிடும். தூக்கம் கலைந்து, குளிரெடுத்து, உடை மாற்றிப் படுத்தால் மறுபடி தூக்கம் வர நேரமாகும். மறுநாள் மறதியும் எரிச்சலும் வருவதற்கு ஹார்மோன் மட்டும் காரணமல்ல, இப்படித் துண்டு துண்டாகப் போன தூக்கமும் பெரிய காரணம். இந்தச் சூடு இரவின் முதல் பாதியில் அதிகமாகத் தூக்கத்தைக் கலைக்கிறது. பின்னிரவில் கனவு காணும் தூக்கம் மிகுதியாக இருப்பதும், அந்தத் தூக்கத்தில் உடல் வெப்பத்தைச் சீராக்கும் வேலை மந்தப்பட்டிருப்பதும் அதற்குக் காரணம் என்கிறார்கள். இது எல்லோருக்கும் பொருந்தும் விதி அல்ல. ஆனால் ஒரு பெண் எப்போதும் விடியற்காலையில் மட்டுமே வியர்த்து எழுகிறார் என்றால், நான் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்பேன்.

வரிசை மாறி வரும் வியர்வைகளில் எங்கள் ஊருக்கு முக்கியமானவை மூன்று. முதலாவது காசநோய். தென்னாப்பிரிக்காவில் காசநோய் இன்னும் பரவலாக இருப்பதால், இங்குள்ள அரசு மருத்துவ நிலையங்களில் யார் வந்தாலும் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கையும் கேட்கிறார்கள். காசநோயில் மாலையில் மெல்லிய காய்ச்சல் ஏறும். சிலருக்குக் குளிரும் இருக்கும். இரவில் காய்ச்சல் இறங்கும்போது வியர்வை கொட்டும். அதாவது வியர்வைக்கு முன்னால் சில நிமிடச் சூடு இல்லை, சில மணி நேரக் காய்ச்சல் இருக்கிறது. பகலில் குப்பென்று ஏறி இறங்கும் சூடும் இருக்காது. பசி குறைந்து, உடைகள் தளர்ந்து, இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டும். சளிப் பரிசோதனை அரசு நிலையங்களில் இலவசமாகவே செய்யப்படுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதால், நீரிழிவு மிகுந்த நம் குடும்பங்களில் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி இருந்து, எடையும் குறைந்து, வியர்வையும் வந்தால் ரத்தப் புற்றுநோய் வகைகளையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பார்.

இரண்டாவது, அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு. இதில் சூடு அலையாக வந்து போவதில்லை. பகல் முழுவதும் மற்றவர்களைவிட அதிகமாகப் புழுங்குகிறது. கைகளை நீட்டினால் விரல்கள் மெலிதாக நடுங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக ஓடும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். மாதவிடாயும் இதில் குறைந்துபோகலாம் என்பதால் ஐம்பது வயதில் இதைத் தவறவிடுவது எளிது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை இதைத் தெளிவாக்கிவிடும்.

மூன்றாவது, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது. இதைச் சொல்வதற்கு ஓர் உண்மையான இரவுக் குறிப்பேட்டைப் போன்ற ஓர் உதாரணம் நல்லது. நான் கண்ட சிலரின் விவரங்களைச் சேர்த்து, ஒருவரின் கதையாகச் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த்தில் வசிக்கும் அந்த அக்காவுக்கு வயது 49. ஏழு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. மெட்ஃபார்மினுடன் கிளிக்லசைடு 80 மில்லிகிராம் மாத்திரையைக் காலையிலும் மாலையிலும் எடுத்துக்கொள்கிறார். மாதவிடாய் கடந்த ஓராண்டாக 23 நாளில் ஒரு முறை, 40 நாளில் ஒரு முறை, இரண்டு மாதம் கழித்து ஒரு முறை என்று தாறுமாறாக வந்து, கடைசியாக நான்கு மாதங்களுக்கு முன் வந்தது. இரவு வியர்வைக்கு ஏதாவது மாத்திரை வேண்டும் என்றுதான் வந்தார். அவரிடம் மூன்று வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னோம். வியர்த்து விழித்த நேரம், அதற்கு முன் சூடு ஏறியதா, நெஞ்சு படபடப்பு, பசி, நடுக்கம் ஏதேனும் இருந்ததா, எவ்வளவு நேரத்தில் அடங்கியது, அன்று மாலை என்ன சாப்பிட்டார் ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டும். முடிந்தால் அந்த நேரத்தில் வெப்பநிலையும் சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

அது புரட்டாசி மாதம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலர் அந்த மாதம் முழுவதும் புலால் விலக்கி, சனிக்கிழமைகளில் பெருமாளுக்கு விரதம் இருப்பது வழக்கம். அந்த அக்காவும் சனிக்கிழமை நண்பகல் பூசைக்குப் பின் வாழையிலையில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இரவில் ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்வார்.

குறிப்பேட்டைத் திருப்பிக் கொண்டுவந்தபோது 21 இரவுகளில் 14 இரவுகளில் வியர்வை பதிவாகியிருந்தது. அவற்றில் பதினொன்று ஒரே மாதிரி இருந்தன. இரவு பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் நெஞ்சிலிருந்து சூடு ஏறி, வியர்த்து, மூன்று நான்கு நிமிடத்தில் அடங்கி, பிறகு குளிரெடுத்தது. இரண்டு முறை பார்த்த வெப்பநிலை 36.8, 36.6 என்று இருந்தது. சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோலுக்கு மேல் இருந்தது. பகலிலும் சமையலறையில் நிற்கும்போது அதே சூடு வந்ததாகக் குறித்திருந்தார். இவை ஐயத்துக்கு இடமின்றி மாதவிடாய் நிற்கும் காலத்தின் ஹாட் ஃபிளஷ்.

மீதி மூன்றும் வேறு மாதிரி இருந்தன. மூன்றும் விடியற்காலை மூன்றரை மணியை ஒட்டி வந்திருந்தன. "சூடே இல்லை தங்கச்சி, வெறும் வேர்வைதான். கை காலெல்லாம் சில்லென்று இருந்தது, உடம்பு நடுங்கியது, எழுந்ததும் கொலைப்பசி" என்றார். ஏதோ பயங்கரக் கனவு கண்டு விழித்ததாகவும், காலையில் தலைவலி இருந்ததாகவும் குறிப்பேட்டில் எழுதியிருந்தார். மூன்றும் சனிக்கிழமை இரவு கழிந்த ஞாயிறு விடியற்காலைகள். மூன்றாவது ஞாயிறன்று மட்டும் சர்க்கரை பார்த்திருந்தார், 3.2 மில்லிமோல், அதாவது இந்தியாவில் சொல்லும் கணக்கில் சுமார் 58 மில்லிகிராம். 4 மில்லிமோலுக்குக் கீழே போனாலே அது குறைவு.

காரணம் எளிது. கிளிக்லசைடு வகை மாத்திரை, வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். மாலை மாத்திரையை வழக்கம்போல விழுங்கிவிட்டு வெறும் வாழைப்பழத்தோடு படுத்தால், பின்னிரவில் சர்க்கரை இறங்குகிறது. அதைத் தூக்கி நிறுத்த உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. நடுக்கமும் படபடப்பும் குளிர்ந்த வியர்வையும் அதனுடைய வேலை. இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவருக்கு இது அரிது. இங்கே வரிசையில் முதல் படியே இல்லை என்பதைக் கவனியுங்கள். சூடு ஏறவில்லை, வியர்வை தானாக, குளிர்ந்த தோலின் மேல் வந்தது.

இப்படி விழித்தால், சர்க்கரை பார்க்கும் கருவி கைக்கு எட்டினால் உடனே பார்க்க வேண்டும். எட்டாவிட்டால் தேடி நேரத்தைக் கழிக்காமல் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அரைக் கோப்பைப் பழச்சாறோ குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் அதையே மீண்டும் செய்ய வேண்டும். ஏறியதும் ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். பிதற்றுகிறவருக்கும் மயங்கியவருக்கும் வாயில் எதையும் ஊட்டக் கூடாது. அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு மருத்துவர் விரத நாட்களின் மாலை மாத்திரையை மாற்றியமைத்துக் கொடுத்தார். அதைத் தாமாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார், ஏனென்றால் விரதமில்லாத நாட்களில் அந்த மாத்திரை அவருக்குத் தேவைப்பட்டது. நீரிழிவும் இரவு வியர்வையும் சேர்ந்திருந்ததால் காசநோய்க்கான நான்கு கேள்விகளையும் கேட்டார்கள். இருமலும் எடைக் குறைவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை இரவு விடியும்வரை தூங்கினேன் என்றார். நடுநிசியில் வந்த அந்தச் சூடு மட்டும் அப்படியே இருந்தது.

இனி அந்தச் சூட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிஞ்சியது. காரம், சூடான தேநீர், மது, மூடிய அறை ஆகியவை சிலருக்குச் சூட்டைக் கிளப்பும். டர்பன் கறியில் மிளகாயை விடச் சொல்வதற்கு எனக்குத் துணிவில்லை. ஆகவே குறிப்பேட்டில் காரம் சாப்பிட்ட இரவுகளுக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடு தெரிந்தால் மட்டும் இரவில் குறைக்கச் சொல்வேன், தெரியாவிட்டால் தேவையில்லை. ஒரு கனத்த கம்பளிக்குப் பதிலாக இரண்டு மூன்று மெல்லிய போர்வைகள், பருத்தி இரவு உடை, படுக்கையருகே ஒரு சிறு விசிறி ஆகியவை சூட்டை நிறுத்தாவிட்டாலும் விழித்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். மருந்துக் கடைகளில் விற்கும் மூலிகை மாத்திரைகளைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்த பெண்களுக்கும் ஹாட் ஃபிளஷ் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆகவே 'எனக்குப் பாதி குறைந்தது' என்ற பக்கத்து வீட்டுச் சான்றை நம்பி வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், மிகுந்த பயன் தருவது ஈஸ்ட்ரோஜன் சிகிச்சைதான். ஹாட் ஃபிளஷ் எண்ணிக்கையை அது முக்கால் பங்கு குறைக்கிறது. கருப்பை உள்ளவருக்கு அதனுடன் புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கருப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோயாகும் ஆபத்து உண்டு. இந்தச் சிகிச்சையின் மேல் இன்றும் இருக்கும் பயத்தின் பெரும்பகுதி 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டபோது வந்தது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது அந்தச் செய்தியோடு அதிகம் பரவவில்லை. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள், தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர், ரத்தக் கட்டி ஏற்பட்டவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர் இதை எடுக்கக் கூடாது. அவர்களுக்கு வென்லஃபாக்சின், கபாபென்டின் போன்ற ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. மேலே சொன்ன நரம்பணுக் கூட்டத்தையே நேரடியாக அடக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை எடுப்பவர் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வென்லஃபாக்சினே சிலருக்கு வியர்வையை உண்டாக்கும் என்பது விந்தை. மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் பலவற்றுக்கு இந்தக் குணம் உண்டு. ஆகவே வியர்வை தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

அந்த அக்கா தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையையும், அதனுடன் இரவில் விழுங்கும் புரோஜெஸ்டோஜன் மாத்திரையையும் தேர்ந்தெடுத்தார். விழுங்கும் ஈஸ்ட்ரோஜனைவிடத் தோல் வழியே செல்வதில் ரத்தக் கட்டிக்கான ஆபத்து குறைவு என்பதால், நீரிழிவு உள்ளவருக்கு மருத்துவர் அதையே விரும்பினார். தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் மார்பகப் படமும் பார்த்தார். மூன்று மாதம் கழித்து வந்தபோது வாரத்துக்கு இரண்டு இரவுதான் விழிக்கிறேன் என்றார். இனி எதற்காகத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டார். காய்ச்சல், எடைக் குறைவு, விடாத இருமல், சூடில்லாத குளிர்ந்த வியர்வை என்று எண்ணிச் சொன்ன பிறகு, சிகிச்சையின் முதல் மாதங்களில் சிறிது ரத்தக்கசிவு இருக்கலாம் என்றும், ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகும் அது நீடித்தாலோ, நின்று போய் மறுபடி தொடங்கினாலோ உடனே வர வேண்டும் என்றும் சொன்னோம். சிகிச்சை எதுவும் எடுக்காத பெண்ணுக்கு மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு துளி ரத்தம் பட்டாலும் அதே விதிதான் என்றபோது, "என் மூத்த நாத்தனாருக்கு அப்படித்தான் இருக்கிறது, மறுபடி வயசுக்கு வந்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டிருக்கிறார்" என்றார். நாத்தனாரை அந்த வாரமே அழைத்து வரும்படி சொல்லி அனுப்பினோம்.